மேடையிலிருந்து எடுத்த படத்தில் கூட்டத்தை எண்ண முடியுமா?

கேள்வி: “சார், எங்க ஏரியாவுல நடந்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்தாங்கன்னு ஒரு போட்டோ வாட்ஸ்அப்புல சுத்துது. மேடை மேல இருந்து எடுத்தது, கடைசி வரைக்கும் தலையாத்தான் இருக்கு. அதைப் பெரிசு பண்ணி எண்ணிப் பார்த்தா உண்மை தெரிஞ்சிடுமா?”

இந்தக் கேள்வி வந்து ஒரு வாரமாகிறது. படத்தையும் கூடவே அனுப்பியிருந்தார். நானும் பெரிசு பண்ணிப் பார்த்தேன், முன்வரிசையில் நானூறு தலை வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். அதற்குப் பின்னால் இருப்பது தலையா, தோளா, குடையா என்றே தெரியவில்லை. ஆக, எண்ணி முடியாது. ஆனால் வேறு வழி இருக்கிறது.

முதலில் லட்சத்தை நிலமாக மாற்றிக்கொள்ளுங்கள். 1960களில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்று ஒரு இதழியல் ஆசிரியர் இருந்தார். அவருடைய அறை ஜன்னலுக்குக் கீழே கட்டம் கட்டமாகத் தளம் போட்ட திடல். மாணவர்கள் கூடும்போதெல்லாம் கட்டத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணி, ஒரு கணக்குக்கு வந்தார். கையை நீட்டினால் பக்கத்து ஆள் மேல் படுகிற மாதிரி தளர்வான கூட்டம் என்றால் ஆளுக்கு 10 சதுர அடி. நெருக்கம் என்றால் நாலரை சதுர அடி. மூச்சு முட்டும் நெரிசல் என்றால் இரண்டரை. இன்றைக்கும் எல்லாரும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்பதை நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு லட்சம் பேர் நெருக்கமாக நிற்க நாலரை லட்சம் சதுர அடி, அதாவது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். இவர் சொல்லும் மைதானத்தைக் கூகுள் எர்த்தில் அளவுகோல் போட்டு அளந்தேன். நீளம் சுமார் 300 அடி, அகலம் 250 அடி, ஆக 75,000 சதுர அடி. மேடை, அதன் முன்னால் தடுப்பு போட்ட இடம், நடுவழி இதற்கெல்லாம் 15,000 கழித்தால் மிச்சம் 60,000. அத்தனை இடத்திலும் நெருக்கமாக நின்றாலும் பதின்மூன்றாயிரம் சொச்சம்தான் வரும். ஒரு லட்சம் என்றால் ஆளுக்கு 0.6 சதுர அடி. ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் மூன்றில் ஐந்து பேர் நிற்க வேண்டும்! லட்சம் இத்தோடு முடிந்தது.

சரி, லட்சம் இல்லை. அப்புறம் எவ்வளவு? பதின்மூன்றாயிரம் என்பது மைதானம் முழுக்க நெருக்கமாக இருந்தால். நெருக்கமாக இருந்ததா என்று இந்தப் படம் சொல்லுமா? இதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்: கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது?

நம்ம பழைய ஆட்களுக்கு மரவள்ளிக் கதை தெரியும், புதியவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். மலையடிவாரத்தில் எங்கள் அப்பா மரவள்ளி போட்டிருந்தார். வரப்பில் நின்று பார்த்தால் காடு முழுக்கப் பச்சை, ஒரு பொட்டு மண் தெரியாது. ஒருநாள் ஏற்காடு போகும் பஸ்ஸில் ரெண்டு மூணு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் திரும்பிப் பார்க்கிறேன், எங்கள் காட்டில் அங்கங்கே சொட்டை. அப்பாவிடம் சொன்னதற்கு, “வரப்பில் நிக்கிறவனுக்கு எல்லார் காடும் வெளஞ்ச காடுதான்” என்றார்.

மேடைப் படமும் வரப்புப் பார்வைதான். கணக்கு சின்னது. கேமரா தரையிலிருந்து 15 அடி உயரத்தில் இருக்கிறது, ஆட்கள் 5 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா தலைகளுக்கு மேலே இருப்பது 10 அடிதான். 200 அடி தள்ளி நிற்கும் ஒருவர் தலையைத் தொட்டுப் போகும் பார்வைக்கோடு தரையைத் தொட இன்னும் 100 அடி போக வேண்டும். அதாவது அவருக்குப் பின்னால் 100 அடி காலி இடம் இருந்தாலும் அவர் ஒருவரே அதை மறைத்துவிடுவார். 40 அடி தள்ளி நிற்பவர் மறைப்பது 20 அடி. தூரத்தில் பாதி, அவ்வளவுதான். அதனால்தான் எந்தக் கூட்டமும் பின்னால் போகப் போக அடர்த்தியாகத் தெரிகிறது. நிஜத்தில் பின்னால் இருப்பவர்கள்தான் டீக்கடை ஓரம் கலைந்து நிற்பார்கள்.

ஆனால் படமே காட்டிக்கொடுக்கும் ஒரு இடம் உண்டு. மண்ணைத் தேடாதீர்கள், உடம்பைப் பாருங்கள். கூட்டம் உண்மையில் நெருக்கமாக இருந்தால் 200 அடிக்கு அப்பால் நெற்றியும் முடியும் மட்டும்தான் தெரியும். முன்னால் நிற்பவருக்கும் அவருக்கும் மூன்றடி இடைவெளி என்றால் தெரிவது ரெண்டு அங்குலத்துக்குள்தான். அங்கே ஒருவருக்கு இடுப்பு வரை, ரெண்டரை அடி, சட்டைப் பாக்கெட்டோடு தெரிகிறது என்றால், அவருக்கு முன்னால் அந்த நேர்கோட்டில் 40 அடிக்கு ஆளே இல்லை. இவர் அனுப்பிய படத்தில் பின்பாதியில் பாக்கெட் பேனா கூடத் தெரியும் போலிருக்கிறது.

அந்த 15 அடி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சமதரையில் எடுத்த படத்தில் தொடுவானக் கோடு, கேமராவின் உயரத்திலேயே எல்லாப் பொருளையும் வெட்டும். அந்தக் கோடு ஒரு விளக்குக் கம்பத்தை, அதன் அடியில் நிற்பவரைப் போல மூன்று மடங்கு உயரத்தில் வெட்டினால், கேமரா மூன்று ஆள் உயரம், 15 அடி.

இதில் நானே சறுக்கினேன். சேலத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. வானமும் மலையும் சேரும் கோட்டைத் தொடுவானம் என்று எடுத்துக்கொண்டு கேமரா 30 அடிக்கு மேலே என்று கணக்குப் போட்டேன். சேர்வராயன் மலை முகடு தொடுவானத்துக்கு மேலே நிற்கிறது, தொடுவானம் மலையின் கால்மாட்டில். 30 அடி என்றால் இடுப்பு வரை தெரிகிறவருக்கு முன்னால் 18 அடி காலி, 15 அடி என்றால் 40 அடி காலி. கூட்டத்தைக் கெட்டியாக்கியது என்னுடைய தப்பு. மேடையில் 30 அடிக்கு ஏறி நிற்க ஒன்றும் இல்லையே என்று பேத்தி கேட்ட பிறகுதான் உறைத்தது. மலை இருக்கும் ஊரில் நாற்காலி வரிசையையும் தடுப்புக் கம்பையும் படத்தில் நீட்டிப் பாருங்கள். தரையில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுபவை சேரும் புள்ளியின் மட்டத்தில்தான் உண்மையான தொடுவானம்.

அதே மலை வேறு விதத்தில் உதவும். படத்தில் தண்ணீர்த் தொட்டி மலை முகட்டின் எந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். அந்த ரெண்டும் அப்படியே ஒன்றுகூடித் தெரியும் கோட்டில்தான் கேமரா நின்றது. இன்னொரு ஜோடி கிடைத்தால் கோடுகள் வெட்டும் இடத்தில் கால் வைக்கலாம். நாங்கள் நில அளவையில் சங்கிலி பிடித்த காலத்தில் எல்லைக்கல் தேடியதும் இப்படித்தான்.

இப்போது கணக்கை முடிப்போம். முன்பாதி 30,000 சதுர அடியில் நாற்காலி. நடக்க இடம் விட்டு ஆளுக்கு 6 சதுர அடி, 5,000 பேர். பின்பாதியில் இடுப்பு வரை தெரிகிறது, அதனால் தளர்வு என்று 10 சதுர அடி போட்டாலும் 3,000. நான் 8,000 என்பேன். 6,000 என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். இது படம் எடுத்த அந்த நிமிஷத்துக் கணக்கு, மாலை முழுக்க வந்து போனவர்களை எந்தப் படமும் காட்டாது. அதே கூட்டத்தை டிரோனில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். 200 அடி உயரத்திலிருந்து பார்த்தால் 200 அடி தள்ளி நிற்பவர் பின்னால் மறைவது ஐந்தடி சொச்சம்தான். என் எட்டாயிரம் தப்பா சரியா என்று அடுத்த வாரமே பார்த்துவிடலாம்.