பழைய போட்டோ எஃபெக்ட்: ஒரு வெள்ளைப் புள்ளி உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்!

(திரையில்: தனித்தனியாக எடுத்த இரண்டு பேர், ஒரே கட்டடத்தின் முன்னால், சுற்றிலும் வெள்ளை ஓரத்தோடு)

இந்தப் படம் ஐம்பது வருஷப் பழசு மாதிரி இருக்கிறதா? இல்லை, நேற்று Photoshop-இல் ஒட்டியது. இது போலி என்று ஒரே இடம் காட்டிக்கொடுக்கிறது, வீடியோவை நிறுத்திவிட்டுத் தேடிப் பாருங்கள்.

கண்டுபிடித்தீர்களா? மஞ்சளேறிய வெள்ளை ஓரத்தைப் பாருங்கள், அங்கேயும் பளிச்சென்று தூசி!

அது ஏன் தப்பு? இருட்டறையில் நெகட்டிவ் வழியாக வெளிச்சம் பாய்ந்து தாளில் விழும்போது, நெகட்டிவில் தூசி இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் போகாது, தாள் கறுக்காது, அதனால்தான் பிரிண்டில் தூசி வெள்ளையாகத் தெரிகிறது. ஓரத்திலோ தாளை மறைத்து வைத்திருப்பதால் வெளிச்சமே படாது, அப்புறம் தூசியின் நிழல் மட்டும் எப்படி விழும்? இதை முதல்முறை யோசித்தபோது என் பழைய படங்களையெல்லாம் அழித்துவிடலாம் போல இருந்தது. (அழிக்கவில்லை.)

அதனால் கறுப்புப் பின்னணியில் இருக்கும் தூசி டெக்ஸ்ச்சரை Screen பிளெண்ட் மோடில் போட்டு, மாஸ்க் வைத்துப் படத்துக்குள் மட்டும் நிறுத்துங்கள். வானத்தில் தூசி தெரியவில்லையே என்று பதற வேண்டாம், வெள்ளை மேல் வெள்ளை தெரியாது, நிஜத்திலும் அப்படித்தான். கறுப்புக் கீறல் வேண்டுமா? நெகட்டிவின் மேலுள்ள எமல்ஷன் பூச்சு உரிந்தால்தான் அது வரும், ஒன்றிரண்டு போதும்.

அடுத்தது லேயர் வரிசை. நிறைய பேர் படத்தை மங்கவைத்துவிட்டு அதற்கு மேல் தூசி போடுகிறார்கள். அப்போது 0 முதல் 255 வரையான வெளிச்ச அளவில் தாளின் வெள்ளை 235-இல் மஞ்சளாக இருக்க, தூசி மட்டும் 255-இல் பளிச்சென்று மின்னும். அந்தப் புள்ளியே வெறும் தாள்தானே, தாளை விட வெள்ளையாக எப்படி இருக்கும்? ஆகவே அடியில் படம், அதன் மேல் தூசி, அதற்கு மேல்தான் Levels. Output-இல் கறுப்பை 30, வெள்ளையை 235 ஆக்கி, கொஞ்சம் மஞ்சள் சேருங்கள்.

பேப்பர் டெக்ஸ்ச்சர் இதற்கும் மேலே, Soft Light-இல். போட்டதும் மொத்தப் படமும் வெளுத்தாலோ இருண்டாலோ, டெக்ஸ்ச்சரின் சராசரி நடுச் சாம்பல் இல்லை என்று அர்த்தம். நிறத்தை எடுத்துவிட்டு High Pass ஓட்டினால் சரியாகிவிடும்.

கடைசியாக மடிப்பு. இது பிரிண்ட் பிறந்த பிறகு வந்த காயம், ஆகவே எல்லாவற்றுக்கும் மேலே. தூசிக்கு நேர் எதிராக, இது ஓரத்தையும் தாண்டித் தாளின் விளிம்பு வரை ஓட வேண்டும், ஓரத்தில் அழுக்குக் கோடாகத் தெரிய வேண்டும்.

(திரையில்: திருத்திய படம்)

இதில் இன்னும் ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இரண்டு பேரின் முகத்திலும் கிரெய்னைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, எவர் பிறகு ஒட்டப்பட்டவர் என்று கமெண்டில் சொல்லுங்கள்.