தொண்ணூறு இலட்சம் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் பல வருடம் நிலையான வைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் ஓய்வுக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்குக் கேட்பவர்கள் அதிகம். போன மாதம் உப்புவெளியிலிருந்து ஒருவர் வந்தார். துறைமுகப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். 60 வயது ஆகிறது. அரச ஊழியர் இல்லை, ஆகவே மாதாமாதம் ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் அவருடைய 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்து வளர்ந்த சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, கையிருப்பு எல்லாமாக 98 இலட்சம் ரூபாய். வீடு சொந்தம்.

அவர் கேட்டது இது. "அண்ணை, எங்கள் இரண்டு பேருக்கும் மாதம் 60,000 ரூபாய் போதும். 90 இலட்சத்தை 8 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 7 இலட்சத்து 20 ஆயிரம் வருகிறது. அது சரியாக மாதம் 60,000. முதலைத் தொடவே தேவையில்லை. மிச்சம் 8 இலட்சத்தை மகளுக்குக் கொடுக்கட்டுமா?"

பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அந்த 60,000 இந்த வருடத்து 60,000. மீன் சந்தையில் பாரையின் விலை அவருடைய வைப்புப் பத்திரத்தைப் பார்த்து நின்றுகொள்ளாது. மத்திய வங்கி பணவீக்கத்துக்கு வைத்திருக்கும் இலக்கு 5 சதவீதம். வயதானவர் வீட்டில் மருந்துச் செலவு கூடுதலாக ஏறும் என்பதால் நான் 6 என்று வைத்தேன். செலவு வருடத்துக்கு 6 சதவீதம் கூடி, வட்டி 8 சதவீதத்திலேயே நின்றால், அந்த 90 இலட்சம் 14 வருடங்களில் தீர்ந்துவிடும். அவருக்கு அப்போது 74 வயது. மனைவி அவரைவிட நாலு வயது இளையவர். எத்தனை வருடம் என்று கணக்குப் போடும்போது இளையவரின் வயதைத்தான் பார்க்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, 25 வருடத்துக்கு எவ்வளவு வேண்டும்? முதலில் மனதிலேயே போடக்கூடிய கணக்கைச் சொல்கிறேன். வட்டியும் விலைவாசியும் ஒரே வேகத்தில் ஓடினால், வட்டி முழுவதையும் விலைவாசியே தின்றுவிடும். அப்போது 25 வருடத்துக்கு முதல் வருடச் செலவைப்போல 25 மடங்கு தேவை. 7.2 இலட்சம் பெருக்கல் 25, ஒரு கோடியே 80 இலட்சம். வட்டி விலைவாசியை முந்தினால் இந்த மடங்கு இறங்கும், பிந்தினால் ஏறும். இங்கே வட்டி 8, விலைவாசி 6. ஒவ்வொரு வருடச் செலவையும் வருட ஆரம்பத்திலேயே எடுப்பதாக வைத்தால், 25 மடங்கு 20 மடங்காகக் குறைகிறது. அதாவது ஏறக்குறைய ஒரு கோடியே 45 இலட்சம். வட்டி என்று நான் சொல்வது வரி பிடித்த பிறகு கையில் வருவதைத்தான்.

இந்த இடத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒருவர் சரியாக அந்த ஒரு கோடி 45 இலட்சத்தோடு தொடங்கினார் என்று வையுங்கள். முதல் வருடச் செலவை எடுத்து, வட்டி சேர்ந்ததும் இருப்பு 149 இலட்சம் என்று காட்டும். குறையவில்லை, கூடியிருக்கிறது! அடுத்த வருடமும் கூடும். 70 வயது வரை கூடிக்கொண்டே போய் 170 இலட்சத்தைத் தொடும். புத்தகத்தைப் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? நிறைய இருக்கிறது, மகனுக்கு ஒரு வான் எடுத்துக் கொடுக்கலாம், கூரையை மாற்றலாம். ஆனால் அந்தக் கூடுதல் மிச்சமே இல்லை. 80 வயதில் மாதச் செலவு 1 இலட்சத்து 90 ஆயிரத்தைத் தாண்டும், 84இல் 2 இலட்சத்து 43 ஆயிரம். அதற்காகச் சேர்கிற காசு அது. 70க்குப் பிறகு இருப்பு இறங்கத் தொடங்கி, 85இல் பூச்சியத்துக்கு வரும். வருமானத்துக்கு வழி இல்லாத வயதில்தான் அந்த இறக்கம் வேகமாக இருக்கும்.

ஆகவே இருப்பு கூடுகிறதா என்று பார்க்காதீர்கள். இருப்பை அந்த வருடச் செலவால் வகுத்துப் பாருங்கள். நான் சொன்ன வட்டிக்கும் விலைவாசிக்கும், 60 வயதில் 20 வர வேண்டும். 65இல் 17, 70இல் 13, 75இல் 9. இதற்குக் கீழே இறங்கினால் காசு 85 வரை தாங்காது.

2022ஐ எங்களில் யாரும் மறக்க மாட்டோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் பன்னிரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறியிருந்தது. திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியும் விலையை எட்டவில்லை. பழைய வட்டியில் நீண்ட கால வைப்புப் போட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படி ஒரு அடி எப்போது விழுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே செலவு ஒரேயடியாக 50 சதவீதம் கூடி, பிறகு வழக்கம்போல 6 சதவீதம் ஏறினால், 25 வருடத்துக்கு வைத்த காசு 17 வருடம்கூட முழுதாகத் தாங்காது. அதே அடி 80 வயதில் விழுந்தால் இழப்பது இரண்டு வருடத்துக்கும் குறைவு. முதலில் விழுந்த அடி பின்னால் வருகிற எல்லா வருடச் செலவையும் தூக்கிவிடுகிறது, காரணம் அவ்வளவுதான். அந்த வருட வகுத்தலில் 19.5 வர வேண்டிய இடத்தில் 14கூட வராது. உடனே தெரிந்துவிடும், பத்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

அப்புறம் நம்ம ஆளின் கதை. 145 தேவை, இருப்பது 98. முகம் வாடிவிட்டது. வீட்டுப் பின்பக்கம் தனி வாசலோடு ஒரு அறையும் குளியலறையும் சும்மா கிடப்பதாக மனைவிதான் நினைவுபடுத்தினார். வாடகைக்கு விட்டால் 20,000 வரும் என்றார். வாடகை வருடாவருடம் விலைவாசியோடு ஏறினால், வைப்பிலிருந்து எடுக்க வேண்டியது 40,000 மட்டும். அதற்கு வேண்டிய முதல் 97 இலட்சம். ஒரு சின்ன அறை 48 இலட்ச ரூபாய் வைப்புக்குச் சமமாக நிற்கிறது.

ஆனால் வாடகை உடன்படிக்கையில் வருடாந்த ஏற்றத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்குப் பொய்யாகிவிடும். அறை காலியாகக் கிடந்தாலும் அப்படியே. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை வெள்ளைக்காரருக்கு விட்டால் கூடக் கிடைக்குமே என்று அவர் கேட்டார். கிடைக்கும், ஆனால் மழை தொடங்கியதும் உப்புவெளிக் கடற்கரையில் யார் இருக்கிறார்கள்? வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியருக்கோ தாதிக்கோ வருடக் கணக்கில் கொடுக்கச் சொன்னேன்.

மகளுக்குக் கொடுக்க நினைத்த 8 இலட்சத்தில் மிஞ்சியது ஒரு இலட்சம். அதை அறைக்குப் பூச்சும் தண்ணீர்க் குழாயும் போடச் செலவழித்தார். மகளிடம் எப்படிச் சொல்வது என்பதையும் என்னிடமே கேட்டார். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன்.