8 முதல் 24 லட்சம் என்று விளம்பரம், ஆஃபர் 12 லட்சம்: ஏன்?

கேள்வி: "சார், சென்னையில் ஒரு ஜாவா டெவலப்பர் வேலைக்கு 8 முதல் 24 லட்சம் என்று போட்டிருந்தார்கள். அனுபவம் 4 முதல் 9 வருடம். எனக்கு 5 வருடம் ஆகிறது, இப்போது ஒன்பதரை வாங்குகிறேன். நடுவில் 16 கேட்கலாம் என்று நினைத்தேன். மூன்று ரவுண்டு முடிந்ததும் ஹெச்.ஆர். 12 தான் என்கிறார். ஏமாற்றுகிறார்களா?"

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைத்த அந்த 16 லட்சம், அந்த விளம்பரத்தில் யாருக்கும் வைத்த தொகை இல்லை. எட்டையும் இருபத்து நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற எண், அவ்வளவுதான்.

இந்த விளம்பரங்கள் எப்படித் தயாராகின்றன என்று சொல்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன், நானே இப்படிப் போட்டிருக்கிறேன். ஒரு புராஜெக்டுக்கு ஏழு பேர் வேண்டும் என்று மேனேஜர் கேட்பார். அதில் நான்கு பேர் சாதாரண டெவலப்பர், இரண்டு பேர் சீனியர், ஒருவர் லீட். மூன்றுக்கும் தனித்தனியாக விளம்பரம் போட வேண்டும்தான். ஆனால் வேலைவாய்ப்புத் தளங்களில் எத்தனை விளம்பரம் போடுகிறோமோ அதற்கேற்பக் காசு. ஒன்றாகப் போட்டால் நேரமும் மிச்சம். அதனால் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, அனுபவம் என்ற கட்டத்தில் 4 முதல் 9, சம்பளம் என்ற கட்டத்தில் கடைசி ஆளின் குறைந்த தொகையையும் லீடின் அதிகத் தொகையையும் போட்டுவிடுவோம்.

இன்னொரு காரணமும் உண்டு. தேடுகிறவர்கள் "15 லட்சத்துக்கு மேல்" என்று வடிகட்டித் தேடுவார்கள். மேல் எண் சின்னதாக இருந்தால் நம் விளம்பரம் அவர்கள் கண்ணிலேயே படாது. அதனால் மேல் எண்ணைக் கொஞ்சம் தாராளமாகப் போடும் பழக்கம் இருக்கிறது. அதாவது கீழ் எண்ணை ஓரளவு நம்பலாம். மேல் எண்ணில் பாதி தூண்டில்.

சரி, ஒரு விளம்பரத்தில் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சின்னக் கணக்குப் போதும். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, கீழ் எண்ணால் வகுக்க வேண்டும். பதவிகளை ஒழுங்காகக் கிரேடு கிரேடாகப் பிரித்து வைத்திருக்கும் நிறுவனங்களில், இந்த மாதிரி வேலைக்கு ஒரே கிரேடின் அடிக்கும் உச்சிக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும். உங்கள் விளம்பரத்தில் 24-இல் 8 போனால் 16. அதை 8-ஆல் வகுத்தால் 200 சதவீதம். ஒரே கிரேடு இவ்வளவு நீளாது. இரண்டோ மூன்றோ கிரேடு அதற்குள் இருக்கிறது.

மூன்று என்று வைத்துப் பிரித்துப் பார்ப்போம். இது என் அனுமானம், அந்த நிறுவனத்தின் உண்மையான எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். முதல் கிரேடு 8-இல் தொடங்கி பன்னிரண்டரை வரை. இரண்டாவது பதினொன்றரையில் தொடங்கி பதினேழரை வரை. மூன்றாவது 16-இல் இருந்து 24 வரை. ஒன்றின் உச்சி அடுத்ததன் அடியைக் கொஞ்சம் தாண்டி நிற்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இப்படித்தான் வைப்பார்கள். 4 முதல் 9 வருடம் என்ற அனுபவத்தில் நீங்கள் 5. அப்படியென்றால் நீங்கள் முதல் கிரேடின் மேல்பகுதி, அல்லது இரண்டாவது கிரேடின் வாசல்படி. அந்த 24 உங்களோடு சம்பந்தப்பட்டதே இல்லை, அது லீடுக்கு.

இப்போது அந்த 12 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது விளம்பரத்திலிருந்து வரவில்லை, உங்கள் பே ஸ்லிப்பிலிருந்து வந்தது. முதல் போன் காலிலேயே "இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்" என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் ஒன்பதரை என்று சொல்லியிருப்பீர்கள். நம் ஊர் ஐ.டி. துறையில் அதற்கு மேல் 25, 30 சதவீதம் ஏற்றிக் கொடுப்பது எழுதப்படாத வழக்கம். ஒன்பதரைக்கு 25 சதவீதம் ஏற்றினால் கிட்டத்தட்ட 11.9, 30 சதவீதம் ஏற்றினால் 12.35. ஹெச்.ஆர். சொன்ன 12 இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். விளம்பரத்தில் 8 முதல் 40 என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு 12 தான் வந்திருக்கும்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். கொலராடோவில் 2021 ஜனவரியிலும், நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பரிலும் விளம்பரத்தில் சம்பள வரம்பு போடுவது கட்டாயமானது. நியூயார்க் சட்டத்தில் அது நல்லெண்ணத்தோடு போட்ட வரம்பாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்படியும் சட்டம் வந்த புதிதில் ஒரு பெரிய வங்கியின் விளம்பரம் ஒன்றில் பூஜ்யத்தில் இருந்து 20 லட்சம் டாலர் வரை என்று வந்து, எல்லோரும் சிரித்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று வங்கி சொன்னது. நம் நாட்டில் போட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. Not Disclosed என்று விட்டுவிட்டாலும் யாரும் கேட்க முடியாது.

எல்லா அகன்ற வரம்பும் இப்படிப் பல கிரேடைச் சேர்த்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பனை வேலைகளில் கீழ் எண் நிலையான சம்பளமாகவும், மேல் எண் இன்சென்டிவ் முழுவதும் கிடைத்தால் வருகிற தொகையாகவும் இருக்கும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. "போன வருடம் உங்கள் டீமில் எத்தனை பேர் முழு இன்சென்டிவ் வாங்கினார்கள்?" பதில் தயங்கித் தயங்கி வந்தால் மேல் எண்ணை மறந்துவிடலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 12 குறைவா அதிகமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் அதைவிட முக்கியமாக நினைப்பது, அந்த 12 எந்தக் கிரேடில் இருக்கிறது என்பதை. மேலே பிரித்தோமே, அதில் 12 இரண்டு கிரேடிலும் வருகிறது. முதல் கிரேடில் 12 என்றால் கூரைக்கு அரை லட்சம்தான் பாக்கி. கூரைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அடுத்த அப்ரைசலில் கையை விரித்துவிடுவார்கள், நல்ல ரேட்டிங் இருந்தாலும் மூன்று நான்கு சதவீதத்தோடு முடியும். பதவி உயர்வு வந்தால்தான் விடிவு. அதே 12 இரண்டாவது கிரேடில் என்றால் நீங்கள் தரைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், மேலே ஐந்தரை லட்சம் இடம் இருக்கிறது. அடுத்த இரண்டு வருடத்துக்குப் பதவி உயர்வே இல்லாமலும் சம்பளம் ஏறும். தொகை ஒன்று, வேலை இரண்டு.

அதனால் ஹெச்.ஆரிடம் "16 கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், அவரிடம் அதற்கு ஒப்புதல் இருக்காது. கிரேடைத்தான் அவர்கள் லெவல் என்பார்கள், இப்படிக் கேளுங்கள்: "எனக்கு எந்த லெவல் கொடுக்கிறீர்கள்? ஆஃபர் லெட்டரில் அந்த லெவல் வருமா? அந்த லெவலுக்கு ஒதுக்கிய வரம்பு எவ்வளவு?" கடைசிக் கேள்விக்குச் சில பேர் பதில் சொல்ல மாட்டார்கள். முதல் கேள்விக்குக் கட்டாயம் சொல்வார்கள், ஏனென்றால் லெவல் போடாமல் அவர்கள் சிஸ்டத்தில் ஆஃபரே உருவாக்க முடியாது. முதல் லெவல் என்று சொன்னால், "இன்டர்வியூ எடுத்தவர் என்னை எந்த லெவலுக்குப் பரிந்துரை செய்தார்" என்று கேளுங்கள். டெக்னிக்கல் ரவுண்டில் நன்றாகச் செய்திருந்தால் அந்த மேனேஜர் மூலமாக லெவலை மாற்ற முடியும். ஹெச்.ஆருக்கு 12-ஐ 13 ஆக்குவதைவிட அது சில சமயம் சுலபம்.

அப்புறம், இந்த 12 என்பது சி.டி.சி. தானே, அதாவது நிறுவனம் உங்களுக்காக வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை? அப்படியென்றால் மாதம் ஒரு லட்சம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். 12-இல் 10 சதவீதம் வேரியபிள் என்றால் 1,20,000 தனியாகப் போய்விடும், அது நிறுவனமும் நீங்களும் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வரும். மீதி 10,80,000. பேசிக் வருடத்துக்கு 5 லட்சம் என்று வைத்தால், நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 60,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 24,000. அது வழக்கமாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும், ஆனால் கணக்கில் இன்றே சேர்த்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் ஒரு 10,000. இவற்றைக் கழித்தால் 9,86,000, மாதத்துக்குச் சுமார் 82,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 5,000, தொழில் வரி மாதக் கணக்கில் 200 சொச்சம். வருமான வரி, 2025-26-இன் புதிய முறையில் இந்தச் சம்பளத்துக்கு வராது. கைக்கு வருவது 77,000-க்குக் கொஞ்சம் குறைவு.

இப்போதைய ஒன்பதரையையும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். இப்போதைய இடத்தில் வேரியபிளே இல்லை, பேசிக் குறைவாக வைத்திருக்கிறார்கள் என்றால், காகிதத்தில் தெரியும் 26 சதவீத உயர்வு மாதம் கைக்கு வருவதில் சுமார் 10 சதவீதமாகச் சுருங்கலாம். வேரியபிளைக் குறைத்து நிலையான பகுதியில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், மொத்தத் தொகை மாறாததால் சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். ஆனால் லெவல் பேச்சு முடிந்த பிறகு இதைத் தொடங்குங்கள், இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் இதைக் கொடுத்து அதை மறக்கடித்துவிடுவார்கள். ஆஃபர் லெட்டரில் லெவலும் பிரேக்கப்பும் எழுத்தில் வருகிறவரை பேப்பர் போடாதீர்கள்.