ஏ-யா, ஆன்-ஆ?

வணக்கம், நேயர்களே. தோ பாயோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். சில வாரங்களுக்கு முன் தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு பையன் தன் ஆங்கிலப் பயிற்சித்தாளை நீட்டினான். கோடிட்ட இடங்களில் ஏ அல்லது ஆன் எழுத வேண்டும். யூனிவர்சிட்டிக்கு முன் ஆன் போட்டிருந்தான். ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் அவர் என்ற சொல்லுக்கு முன் ஏ. எம்ஆர்டி ஸ்டேஷனுக்கு முன்னும் ஏ. அம்பிரெல்லாவுக்கு முன் ஆன். நான்கில் ஒன்றுதான் சரி.

“டீச்சர், ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன் என்றுதானே விதி? அப்படித்தானே எழுதியிருக்கிறேன்?” என்றான்.

உண்மைதான். விதியை அவன் மீறவில்லை, விதிதான் அரைகுறை. எழுத்தைப் பார்த்துப் போடுவதல்ல இது. அடுத்த சொல்லை வாய் எந்த ஓசையில் தொடங்குகிறது என்பதே கணக்கு.

இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எளிது. ஓர் ஆண்டு என்கிறோம், ஒரு வீடு என்கிறோம். உயிர் வந்தால் ஓர், மெய் வந்தால் ஒரு. ஆங்கில ஆன் என்பதும் ஆதியில் ஒன்று என்ற எண்ணுப் பெயர்தான். மெய்யொலிக்கு முன் அதன் கடைசி ஒலி தேய்ந்து ஏ ஆனது. இரண்டு மொழிகளும் ஒன்று என்ற சொல்லை வைத்து ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

ஆகவே அவனிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, “அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லி, காதில் விழுவதைத் தமிழில் எழுது” என்றேன். யூனிவர்சிட்டி என்று எழுதினான். முதலில் நிற்பது ‘யூ’, யகர மெய் ஏறிய எழுத்து. ஒரு யானை என்கிறோமே, அதேபோல இங்கே ஏ. அவர் என்று எழுதும்போது எச் காணாமல் போய் அகரம் நின்றது. ஆகவே ஆன். எம்ஆர்டி எகரத்தில் தொடங்குகிறது. அதற்கும் ஆன். அம்பிரெல்லா ஏற்கெனவே சரி. அதன் முன் யூஸ்ஃபுல் என்ற சொல்லைச் செருகினால் ஆன் மறுபடி ஏ ஆகிவிடும், ஏனென்றால் கோட்டை ஒட்டி நிற்கும் சொல்தான் தீர்மானிக்கிறது.

வீவக வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிபி ஃபிளாட் என்று சுருக்கமாகச் சொன்னால் ஆன். ஹவுசிங் போர்டு ஃபிளாட் என்று விரித்துச் சொன்னால் ஏ. வீடு அதேதான். ஆனால் நம்மில் பலர் அந்த எழுத்தை ஹெச் என்றே உச்சரிக்கிறோம். அப்படிச் சொல்லும் நாவுக்கு ஏ ஹெச்டிபி என்பதே இயல்பாகப்படும். தேர்வுத்தாளில் எச் என்றே கொண்டு ஆன் எழுதிவிடுவது நல்லது.

தமிழ்க் காது ஏமாற்றும் இடம் இன்னொன்றும் உண்டு. பேச்சில் எகரத்துக்கு முன் ஒரு யகரத்தை நாம் அறியாமலே சேர்த்துவிடுகிறோம். முட்டையை யெக் என்பவர் ஏ எழுதிவிடுவார். ஒருவழிப்பாதைப் பலகையில் இருக்கும் ஒன் என்ற சொல்லோ, எழுத்தில் ஓ, ஒலியில் வகரம். வன் என்று சொல்லிப் பார்த்தால் ஏ தானாக வரும்.

வித், டு, ஆஃப் போன்ற முன்னிடைச்சொற்களுக்கு இந்த வித்தை பலிக்காது. அக்காள் ஒரு டாக்டரை மணந்திருக்கிறாள் என்ற பொருள்படும் வாக்கியத்தில் இஸ் மேரீட் என்பதற்குப் பின் பையன் வித் என்று எழுதியிருந்தான். “டாக்டருடன் கல்யாணம் என்றுதானே சொல்கிறோம்?” என்றான். ஆங்கிலத்தில் அங்கே டு. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. நாமும் பாம்புக்குப் பயந்தேன் என்கிறோம். அந்தக் ‘கு’வுக்குக் காரணம் கேட்டால் யார் சொல்வார்? ஆங்கிலத்தில் அதே பயத்துக்கு ஆஃப் வருகிறது. மேரீட் என்று தனியாக எழுதாமல் மேரீட் டு என்று ஒரே சொல்லாக நோட்டில் எழுதச் சொன்னேன். குட் அட், அஃப்ரெய்ட் ஆஃப் என்று இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் வந்த தாளில் ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே பொடிப் பொடியாகத் தமிழ் எழுத்து. பத்தில் ஒன்பது சரி. தவறிய ஒன்று, நேர்மையைக் குறிக்கும் ஆனஸ்ட். அதன் தலையில் ஹானஸ்ட் என்று எழுதி, ஏ போட்டிருந்தான். அந்தச் சொல்லை அவன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.