வண்டிக் கடனின் பிராசஸிங் கட்டணம்: கணக்கில் எந்த மாதம் எவ்வளவு?

[திரையில்: காவேரிப்பட்டினம் சாலையில் மாங்காய் ஏற்றிய மினி லாரி]

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் சீசன் வருவதற்கு முன்பே வண்டி வாங்கிவிடுவார்கள். தோட்டத்திலிருந்து கூழ் ஆலைக்கு லோடு அடிக்கும் ஒரு சின்னக் கம்பெனியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1-ஆம் தேதி 6 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறது. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தவணை 36 மாதம், இஎம்ஐ 19,929 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 12,000.

இந்த 12,000-ஐ எங்கே எழுதுவது? பலர் ஏப்ரல் மாதமே முழுச் செலவாகப் போட்டுவிடுகிறார்கள். சிலர் வண்டியின் விலையோடு சேர்க்கிறார்கள். இரண்டாவது பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. வாங்கிய அன்றே ஓடத் தயாராக இருக்கும் வண்டிக்குக் கடன் செலவை விலையில் ஏற்ற முடியாது. அந்தப் பணம் வண்டிக்காகக் கொடுத்தது இல்லை, கடனுக்காகக் கொடுத்தது. அப்படியானால் அது வட்டியின் கூட்டாளி. கடன் ஓடும் 3 வருடத்திலும் அது பரவ வேண்டும்.

[திரையில்: 6,00,000 − 12,000 = 5,88,000]

முதல் நாள் பதிவு. வண்டி 6 லட்சம் பற்று, கடன் 6 லட்சம் வரவு. கட்டணம் கட்டியதும் கடன் கணக்கையே 12,000 பற்று வைக்கிறோம். இப்போது நம் புத்தகத்தில் கடன் 5,88,000. கட்டணத்தைக் கடன் தொகையில் பிடித்துக்கொண்டாலும், தனியாகச் செக் வாங்கினாலும் இதேதான். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,160 வரும். கிரெடிட் எடுக்க முடிந்தவர் அதைத் தனியே வைக்கலாம். எடுக்க முடியாதவருக்குக் கட்டணமே 14,160 ஆகிவிடும்.

நம் கையில் நின்றது 5,88,000, கட்டப்போவது 36 தடவை 19,929. இந்த இரண்டையும் சமப்படுத்தும் வட்டிதான் நடைமுறை வட்டி விகிதம். எக்செலில் ஒரே வரி:

```
=RATE(36,-19929,588000)
```

விடை மாதம் சுமார் 1.1177 சதவீதம். 12-ஆல் பெருக்கினால் 13.41. 12 சதவீதம் என்று பேசிய கடனின் உண்மையான விலை இதுதான். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடனுக்கும் சிறு, குறு தொழில் கடனுக்கும் ரிசர்வ் வங்கி கேட்கும் முக்கிய விவரத் தாளில், கட்டணங்களையும் சேர்த்துச் சொல்லும் ஆண்டு விகிதமாக ஏபிஆர் என்று ஒன்று இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். வேறு கட்டணம் ஏதும் சேராவிட்டால் இதற்குப் பக்கத்தில் வர வேண்டும்.

[திரையில்: முதல் மாதக் கணக்கு]

இனி முதல் மாதம். 5,88,000-க்கு 1.1177 சதவீதம் என்றால் 6,572 ரூபாய் வட்டிச் செலவு. கடன் கொடுத்தவரின் ஸ்டேட்மெண்ட் 6,000 மட்டும் காட்டும். மீதி 572 ரூபாய்தான் இந்த மாதம் கரைந்த கட்டணம். இஎம்ஐ கட்டிய பிறகு நம் புத்தகத்தில் கடன் 5,74,643. அடுத்த மாதம் இந்தத் தொகைக்கு வட்டி போடுகிறோம். கட்டணப் பங்கு 562-ஆகக் குறைகிறது. பாக்கி குறையக் குறைய அதுவும் இறங்கிக்கொண்டே போகும்.

12,000-ஐ 36-ஆல் வகுத்து மாதம் 333 போட்டால் வருடத்துக்கு 4,000 வரும். நம் முறையில் முதல் வருடம் சுமார் 6,140, இரண்டாம் வருடம் 4,215, மூன்றாம் வருடம் 1,645. முதல் வருடத்தில்தான் அதிகமான பணம் நம்மிடம் இருக்கிறது, அதனால் அதன் செலவும் அங்கேதான் அதிகம். இண்ட் ஏஎஸ் 109 என்ற கணக்குத் தரநிலையைப் பின்பற்றும் கம்பெனிக்கு இந்த முறை கட்டாயம். சின்னக் கம்பெனிக்குப் பழைய தரநிலை ஏஎஸ் 16 இருக்கிறது. கடன் ஏற்பாட்டுச் செலவைக் கரைப்பதையும் அது கடன் செலவாகவே பார்க்கிறது. சிறு தொகையென்றால் நேர்க்கோட்டு முறையிலேயே பலர் போகிறார்கள்.

[திரையில்: மார்ச் 31 சரிபார்ப்பு]

அடிக்கடி நடக்கும் பிழை இது: ஸ்டேட்மெண்டின் வட்டியையும் பதிந்து, நடைமுறை வட்டியையும் பதிந்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். மார்ச் 31-இல் ஸ்டேட்மெண்ட் பாக்கி சுமார் 4,23,345, நம் புத்தகம் 4,17,485. வித்தியாசம் 5,860. இன்னும் கரையாத கட்டணமும் அதே 5,860 ஆக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு மாத வட்டி இரட்டித்திருக்கிறது, அல்லது விட்டுப்போயிருக்கிறது.

[திரையில்: கடனை முன்கூட்டி அடைத்தால்]

இரண்டு சீசன் நல்லபடி ஓடி, 24 மாதத்தில் கடனை அடைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். மூன்றாம் வருடத்துக்கு ஒதுங்கியிருந்த 1,645 இனிக் காத்திருக்க இடமில்லை. அடைத்த அன்றே செலவுக் கணக்குக்குப் போகும். முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் வாங்கினால் அதுவும் அதே நாளில், அதே பக்கத்தில்.