உருபு ஒட்டாத பெயரைத் தேடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தமிழ் பேசுகிறவர்கள் இந்தி கற்கும்போது நம்முடைய தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தி படிக்க வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வேலைமாற்றல் உத்தரவு கையில் வந்து, ரயில் ஏறியும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கதை அப்படித்தான் தொடங்கியது.

1986-இல் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக ஜபல்பூருக்குப் போனேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். பக்கத்து மேசைக்காரர்கள் என்ன பேசினார்களோ அதைக் கேட்டுக் கேட்டே இந்தியைப் பிடித்தேன். வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் 'மைன் அபீ ஆதா ஹூன்' என்பார்கள். 'இதோ வருகிறேன்' என்று அர்த்தம். நானும் அதையே சொன்னேன். ஏறத்தாழ இரண்டு மாதம் சொன்னேன். வரிசையில் நிற்கிறவர்கள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. என் புடவைக் கட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்ததும் உண்டு.

மாதாமாதம் ஓய்வூதியம் வாங்க ஒரு பாட்டி வருவார். அவர்தான் ஒருநாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, 'பேட்டா, தும் லட்கீ ஹோ. ஆதீ ஹூன் போலோ' என்றார். 'நீ பெண்பிள்ளை, ஆதீ என்று சொல்' என்கிறார். ஆண் சொன்னால் ஆதா, பெண் சொன்னால் ஆதீ. இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 'பேட்டா' என்றால் மகன். வடக்கே பெண்பிள்ளைகளையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் ஆண் மாதிரி பேசுகிறேன் என்று திருத்தியவர், 'மகனே' என்று கூப்பிட்டுத் திருத்தினார்! எனக்கு அது உறைக்கவே வருஷக்கணக்காயிற்று.

நான் ஏன் தவறினேன்? தமிழில் வினைச்சொல் பால் காட்டாதா என்ன? வந்தான், வந்தாள் என்று தெளிவாகக் காட்டும். ஆகவே, 'பையன் வந்தான் என்பது லட்கா ஆயா, பெண் வந்தாள் என்பது லட்கீ ஆயீ' என்று சொன்னால் நமக்கு உடனே புரியும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இதையே புதிதாகச் சொல்லித்தர வேண்டும். ஆனால் தமிழில் 'நான் வருகிறேன்' என்பதை ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். நீ வந்தாய் என்பதும் அப்படித்தான், மரியாதைக்குச் சொல்கிற அவர் வந்தார் என்பதும் அப்படித்தான். தமிழில் பால் ஒதுங்கிக்கொள்கிற இந்த இடங்களில் இந்தி அதைக் கேட்கிறது. மேனேஜர் ஆணாக இருந்தால் ஆயே, பெண்ணாக இருந்தால் ஆயீன். அதனால் பெண்கள் இந்தியைப் பெண்கள் வாயிலிருந்து கேட்டுப் பழகுங்கள். தமிழ் தெரிந்த ஆண் சொல்லிக்கொடுத்தால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நீங்கள் ஆதா ஹூன் என்றுதான் பேசுவீர்கள்.

இனி நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள், நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நான் நேற்று கடையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டேன்.' இதை இந்தியில் சொல்வோம். நான், மைனே. நேற்று, கல். கடையில், துகான் மே. இரண்டு ரொட்டி, தோ ரோட்டியான். சாப்பிட்டேன், காயீன். வரிசை அப்படியே இருக்கிறது, ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. நாம் கடை'யில்' என்று பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் துகான் 'மே' என்று பின்னால் வைக்கிறார்கள். வினை நமக்கும் கடைசியில், அவர்களுக்கும் கடைசியில். இந்த இடத்தில்தான் தமிழர் மனம் 'எல்லாம் ஒன்றுதான்' என்று துள்ளும். துள்ளியபின் விழுவது கடைசிச் சொல்லில். சாப்பிட்டவர் ஆண் என்றால் காயா என்று நினைப்போம். அது காயீன். ரொட்டி பெண்பால், இரண்டு ரொட்டி என்பதால் பன்மை. வினை ரொட்டிக்கு இசைந்து நிற்கிறது, சாப்பிட்டவரை அது கண்டுகொள்ளவே இல்லை.

வகுப்பில் இதைச் சொன்னதும், 'இது என்ன அநியாயம், சாப்பிட்டது நான், வினை ரொட்டியைப் பார்க்கிறதே!' என்று கேட்பார்கள். அநியாயம் இல்லை. தமிழிலும் இதே வேலையைச் செய்கிறோம், கவனித்ததில்லை.

ஓர் அம்மா சொல்கிறார்: 'எனக்கு ஒரு மகன் இருக்கிறான்.' பேசுகிறவர் பெண். ஆனால் வினை 'இருக்கிறான்'. அப்பா சொல்கிறார்: 'எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.' பேசுகிறவர் ஆண், வினை 'இருக்கிறாள்'. வினை 'எனக்கு' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டது. ஏன்? அதில் 'கு' என்ற உருபு ஒட்டியிருக்கிறது. உருபு ஒட்டாமல் நிற்கிற பெயர் எது என்று தேடி, மகனையோ மகளையோ பிடித்துக்கொண்டது. முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதற்கு இப்போதுதான் பயன்.

இந்தியும் அதே. மைனே என்பதில் 'னே' ஓர் உருபு. வினை அந்தச் சொல்லைத் தாண்டுகிறது. துகானில் 'மே' இருக்கிறது, அதையும் தாண்டுகிறது. ஒன்றும் ஒட்டாமல் நிற்பது ரோட்டியான். அதற்கு இசைகிறது. பசிக்கும் இதே கணக்குத்தான். 'முஜே பூக் லகீ ஹை', எனக்குப் பசிக்கிறது. பூக், அதாவது பசி, பெண்பால். ஆண் சொன்னாலும் லகீதான்.

இரண்டு பெயருக்கும் உருபு ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'எனக்கு சீதாவைப் பிடித்தது.' எனக்கு என்பதில் கு, சீதாவை என்பதில் ஐ. வினைக்குப் பிடிமானமே இல்லை. 'பிடித்தாள்' என்று சொன்னோமா? இல்லை. யாருக்கும் சேராத 'அது' என்ற பொதுவடிவத்துக்குப் போய்விட்டோம். இந்தியில் 'மைனே சீதா கோ தேகா', நான் சீதாவைப் பார்த்தேன். தேகா, ஆண்பால் ஒருமை. இந்திக்கு அஃறிணைப் பால் கிடையாது, அதனால் ஆண்பால் ஒருமைதான் அதன் பொதுவடிவம். பாதி கற்றவர்கள் இங்கே சீதா பெண்ணாயிற்றே என்று 'தேகீ' என்பார்கள். ஒருவர் அப்படிச் சொன்னால், ரொட்டிப் பாடம் வரை வந்திருக்கிறார், சீதாப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

திரும்பவும் சொல்கிறேன், குறிப்பெடுக்கிறவர்களுக்காக. உருபு ஒட்டாத பெயரைத் தேடுங்கள், வினை அதற்கு இசையும். ஒட்டாத பெயர் இரண்டு இருந்தால் செய்கிறவருக்கு இசையும். 'மைன் ரோட்டீ காதீ ஹூன்', நான் ரொட்டி சாப்பிடுகிறேன். இதில் னே இல்லை, ஆகவே வினை என்னைப் பார்த்து காதீ என்று வருகிறது. னே வருவது செய்து முடித்த செயலுக்கு, அதுவும் பெரும்பாலும் செயப்படுபொருள் கொள்கிற வினைகளுக்கு. போனேன், வந்தேன் என்பவற்றுக்கு வராது. 'கொண்டுவா' என்கிற லானா, 'பேசு' என்கிற போல்னா, இவற்றுக்கும் வராது, இவற்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

நான் கட்டிய பாலத்தில் ஒரு பலகை உடைந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மகன் இருக்கிறான் என்பதை 'முஜே' என்று ஆரம்பிக்காதீர்கள். 'மேரா ஏக் பேட்டா ஹை', என்னுடைய ஒரு மகன் இருக்கிறான் என்பார்கள். பணம் இருக்கிறது என்றால் 'மேரே பாஸ்', என் பக்கத்தில். பசி, தாகம், 'வேண்டும்' என்கிற சாஹியே, இதற்கெல்லாம் முஜே சரி. 'எனக்கு இந்தி தெரியும்' என்பதுகூட 'முஜே ஹிந்தீ ஆதீ ஹை'தான், எனக்கு இந்தி வருகிறது. நாமும் அப்படிச் சொல்கிறோமே!

ரொட்டி பெண் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது, பழக வேண்டும். ஆ-வில் முடிந்தால் ஆண், ஈ-யில் முடிந்தால் பெண் என்று புத்தகம் சொல்லும். உடனே சமையலறையிலேயே மூன்று பேர் எதிர்த்து நிற்பார்கள்: பானீ, கீ, தஹீ. தண்ணீர், நெய், தயிர். மூன்றும் ஈ-யில் முடிகின்றன, மூன்றும் ஆண்பால். தஹீயைச் சில ஊர்களில் பெண்பாலாகவும் பேசக் கேட்பீர்கள், சண்டைக்குப் போகாதீர்கள். சமஸ்கிருதம் படித்தவர்களுக்கும் ஒரு பள்ளம் உண்டு. ஆத்மா அங்கே ஆண்பால், இந்தியில் பெண்பால். நான் செய்தது இதுதான்: சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் ஒரு அடைமொழியோடு சேர்த்துச் சொன்னேன். டண்டா பானீ, கட்டா தஹீ, மீட்டீ சாய். குளிர்ந்த தண்ணீர், புளித்த தயிர், இனிப்பான டீ. பெயர் ஆண்பாலானால் இந்த அடைமொழி ஆ-வில் முடியும், பெண்பாலானால் ஈ-யில் முடியும். நமக்கு நல்ல பையன், நல்ல பெண், எல்லாவற்றுக்கும் ஒரே 'நல்ல'. அதனால் இந்த மாற்றம் காதில் விழுவதற்கே நாளாகும்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். உருபுகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். ஒன்று மட்டும். 'லட்கா கோ' என்று நம்மவர்கள் சொல்வார்கள். அது 'லட்கே கோ'. நாம் 'வீடுக்கு' என்கிறோமா? வீட்டுக்கு. மரம், மரத்தை. உருபு வருமுன் பெயர் தன்னைக் கொஞ்சம் மடித்துக்கொள்கிறது. 'லட்கா கோ' என்பது அவர்கள் காதுக்கு, குழந்தை 'மரம்ஐ' என்பதுபோல் கேட்கும். அப்புறம், பஸ்ஸில் வந்தேன் என்பது பஸ் 'ஸே', பஸ்ஸால் வந்தேன் என்பதுபோல. தில்லிக்குப் போகிறேன் என்பதற்குக் கோ தேவையில்லை, 'தில்லீ ஜா ரஹீ ஹூன்' போதும்.

வினை கடைசியில் வரும் என்றேனே, அதற்கும் ஒரு விலக்கு. 'வருகிறேன் என்று சொன்னான்' என்போம். அவர்கள் 'உஸ்னே கஹா கி', சொன்னான் என்று, எனத் தொடங்கிவிட்டு, சொன்ன சேதியைப் பின்னால் வைப்பார்கள். 'எழுதிக் கொடு' என்பது 'லிக் தோ', 'பார்த்துக் கொள்' என்பது 'தேக் லோ' என்று துணைவினைகள் வரிக்கு வரி ஒத்துப்போவதைத்தான் கடைசியாகச் சொல்ல நினைத்திருந்தேன். இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. இந்தியில் பஸ் என்றால் வண்டி மட்டுமல்ல, 'போதும்' என்றும் அர்த்தம். பஸ். வணக்கம்.