'உடனடியாக' என்றால் எந்தத் திகதி?

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பில் ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் நீண்டகாலம் இருந்தவன் நான். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்கள் மோட்டார் சைக்கிளில் வாகரை, கொக்கட்டிச்சோலை என்று ஓடித் திரிந்துவிட்டு, எரிபொருள் பில்களை மாத முடிவில் மொத்தமாகத் தருவார்கள். பெற்றோல் செட்டில் தருவது வெப்பத்தாளில் அடித்த பில். சட்டைப் பையில் வியர்வையோடும் வெயிலோடும் மூன்று வாரம் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். வெறும் தாளுக்குக் காசாளர் எப்படிக் காசு கொடுப்பார்? சரி, இனி வாராவாரம் புதிய படிவமொன்றோடு பில் தரட்டும் என்று தீர்மானித்தோம்.

அறிவித்தலை எழுதியது நான்தான். "எரிபொருள் கொடுப்பனவு நடைமுறை உடனடியாக மாற்றப்படுகிறது. மேலதிக விபரங்களுக்குச் சம்பந்தப்பட்ட பிரிவை அணுகவும்." இரண்டே வரி. எழுதும்போது கம்பீரமாகத்தான் இருந்தது!

காரணம் சொல்லாததால், களவு பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கதை பரவியது. அதைவிடப் பெரிய சிக்கல் அந்த 'உடனடியாக'. ஒருவர் ஜூன் கடைசி வாரம் ஓடிய ஓட்டத்துக்கான பில்களை ஜூலை 2இல் பழைய படிவத்தில் கொண்டுவந்தார். புதிய படிவம் வேண்டுமென்று காசாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பயணம் போன நாளா கணக்கு, பில் கொடுக்கும் நாளா? நான் அதை எழுதவே இல்லை.

பிறகு இப்படித் திருத்தினேன்: "பில் மங்கிப்போவதால் உங்கள் காசு தாமதமாகிறது. ஆகவே ஜூலை 15 முதல் போகும் பயணங்களுக்கு, அந்தந்த வாரப் பில்லைப் புதிய படிவத்தோடு வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் தாருங்கள். அதற்கு முந்திய பயணங்களுக்குப் பழைய படிவமே போதும். அவற்றை ஜூலை 31 வரை ஏற்போம். ஒரு கிலோமீற்றருக்குத் தரும் தொகை மாறாது."

அந்தக் கடைசி வசனம் முக்கியம். மாறாததைச் சொல்லாவிட்டால், சனம் முதலில் பயப்படுவது காசு குறையுமோ என்றுதான். வியாழக்கிழமையைத் தெரிவுசெய்ததற்கும் காரணம் உண்டு. முதலில் வெள்ளி நண்பகல் என்றுதான் நினைத்தோம். ஜும்ஆவுக்குப் போகும் காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்களுக்கு அது சரிவராது.

யாரைக் கேட்பது என்பதற்கு 'சம்பந்தப்பட்ட பிரிவு' என்று போடாமல், காசாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும், அவர் லீவு என்றால் யார் என்பதையும் எழுதினோம். அடுத்த நாள் மூன்று பேரைத் தனித்தனியே பிடித்து, "ஜூலை 13 ஓட்டத்துக்கு எந்தப் படிவம்?" என்று கேட்டேன். மூவரும் பழையது என்றார்கள். ஆனால் ஒருவர் திருப்பிக் கேட்டார்: "சேர், வியாழக்கிழமை போயா வந்தால்?"

அதற்கும் ஒரு வரி சேர்த்தோம்: முந்திய வேலை நாள்.